நாலு பேர் றூமுக்கு மாதச் சாமான் கணக்கு: றூம் மேற்றுகளுக்கு அனுப்பும் செய்தியை எழுதும் முறை

"வாற மாதம் எல்லாரும் சேர்ந்து சாமான் வாங்குவமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. எவ்வளவு அரிசி, யார் எவ்வளவு காசு என்ற இரண்டும் எழுத்தில் இல்லாத செய்திக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் கணக்காக வைத்து, மற்ற மூன்று பேரும் வாசித்த கையோடு சரி பிழை சொல்லக்கூடிய செய்தியை எழுதுவதுதான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். செய்தி எழுதுபவர் முல்லைத்தீவுக்காரர். மற்றவர்கள் மன்னார் அக்கா (இறுதி வருடம்), மட்டக்களப்புப் பிள்ளை, வவுனியாப் பிள்ளை. விடுதியின் பொதுச் சமையலறையில் சமைக்கலாம், அறைக்குள் சமைக்க முடியாது. மத்தியானம் நால்வரும் கன்ரீனில் சாப்பிடுகிறார்கள். சேர்ந்து சமைப்பது இரவுச் சாப்பாடு. காலையும் பின்னேரமும் தேத்தண்ணி.

1. எழுத முன்னர் கேட்க வேண்டிய நாலு விஷயம்

செய்தியைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாயால் கேளுங்கள். குழுவில் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லிவிடுவார்.

முதலாவது, இந்த மாதம் எந்தெந்த இரவுகளில் வீட்டில் நிற்பார்கள் என்பது. "இடைக்கிடை போவன்" என்ற பதிலை ஏற்காமல் நாட்காட்டியை நீட்டித் திகதி கேளுங்கள். கணக்கு முழுவதும் இந்தத் திகதிகளில்தான் நிற்கிறது.

இரண்டாவது, எதைச் சாப்பிடமாட்டார்கள் அல்லது குடிக்கமாட்டார்கள். நமது உதாரணத்தில் மன்னார் அக்காவுக்குப் பிளேன்டீ மட்டும்தான், பால்மா வேண்டாம். வெள்ளிக்கிழமை சைவம் யார், முழுக்கச் சைவம் யார் என்பதையும் இப்போதே அறியுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாதவர்கள் அறையில் இருக்கலாம். அந்த மாதத்தில் முட்டை, கருவாடு வாங்கும் அளவு பாதியாக விழும்.

மூன்றாவது, வீட்டிலிருந்து என்ன கொண்டுவருவார்கள். அநேகமாக அது தூளாகவோ அரிசியாகவோ இருக்கும். நாலாவது, அறையில் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது. டப்பாவைத் திறந்து பார்க்காமல் எழுதப்படும் பட்டியலில் உப்பும் மஞ்சளும் ஒவ்வொரு மாதமும் புதிதாக வந்து குவியும்.

2. ஆளை எண்ணாமல் கோப்பையை எண்ணுங்கள்

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் செய்யும் பெரிய பிழை "நாலு பேர், முப்பது நாள், ஆக 120 சாப்பாடு" என்று தொடங்குவதுதான். விடுதியில் நாலு பேர் முப்பது நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் ஓர் இரவு சாப்பிடுவதை ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்புப் பிள்ளை இந்த மாதம் வீட்டுக்குப் போகவில்லை: 30 கோப்பை. மன்னார் அக்கா ஒருமுறை போய் மூன்று இரவு நிற்கிறார்: 27. வவுனியாப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் வெளிக்கிட்டு ஞாயிறு பின்னேரம் திரும்புகிறார். கிழமைக்கு இரண்டு இரவு வீதம் நாலு கிழமைக்கு எட்டு இரவு குறைகிறது: 22. முல்லைத்தீவுக்காரர் இரண்டு கிழமை மட்டும் போகிறார்: 26. மொத்தம் 105 கோப்பை.

120க்கும் 105க்கும் இடையிலுள்ள 15 கோப்பை சிறிதாகத் தெரியும். நாலு பேருக்கு அது கிட்டத்தட்ட நாலு இரவுச் சாப்பாடு. அதை அறியாமல் வாங்கினால் மாத முடிவில் மாவில் வண்டு ஏறும், வெங்காயம் முளைக்கும்.

3. கோப்பையிலிருந்து கிலோவுக்கு

இனி ஒரு கோப்பைக்கு எவ்வளவு என்று பார்த்து 105ஆல் பெருக்க வேண்டியதுதான். இரவுச் சாப்பாடு கிழமையில் ஐந்து நாள் சோறு, இரண்டு நாள் புட்டு என்று வைத்தால் 75 கோப்பை சோறு, 30 கோப்பை புட்டு வரும்.

அரிசி ஒரு கோப்பைக்கு 125 கிராம். ஒரு சுண்டு தலைதட்டி நிரப்பினால் ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். ஆகவே நால்வரும் நிற்கும் இரவுக்கு இரண்டரைச் சுண்டு. ஆனால் சுண்டுக்குச் சுண்டு வித்தியாசம் உண்டு. உங்களிடம் உள்ளதை ஒருமுறை கடைத்தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த எடையைச் சுண்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். 75 கோப்பைக்கு 9.4 கிலோ வருகிறது, 10 கிலோப் பையாக வாங்கலாம். மிஞ்சும் அறுநூறு கிராம் திடீரென்று யாராவது நின்றுவிடும் இரவுக்கு உதவும்.

புட்டுக்கு ஒரு கோப்பைக்கு மா 100 கிராம். மொத்தம் 3 கிலோ: வறுத்த அரிசிமா இரண்டு, அவித்த கோதுமை மா ஒன்று. பருப்பு கிழமையில் நாலு நாள் என்றால் 60 கோப்பை. கோப்பைக்கு 30 கிராம் வீதம் 1.8 கிலோ, 2 கிலோ என்று எழுதலாம்.

தேங்காய்தான் பலரும் குறைத்து எழுதும் சாமான். ஒரு நாளைக்குக் கறிக்கோ சொதிக்கோ பாதித் தேங்காய் வேண்டும். அது மாதத்துக்கு 15. புட்டு நாளில் பூவுக்கு இன்னொரு பாதி, ஏறத்தாழ ஒன்பது நாளைக்கு நாலரை. ஆக 20 தேங்காய். சோற்றுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் புட்டை மறந்தவர்கள் மூன்றாம் கிழமையில் தேங்காய் இல்லாமல் நிற்பார்கள்.

கோப்பைக்கு எண்ணெய் 10 மில்லிலீற்றர், ஆகவே ஒரு லீற்றர். கறித்தூள் கோப்பைக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் 500 கிராம் போதும். வெங்காயம் கோப்பைக்கு ஏறத்தாழ 30 கிராம் வீதம் 3 கிலோ.

தேத்தண்ணியும் ஏறத்தாழ அதே 105 நாட்கணக்கில்தான் வரும், நாளைக்கு இரண்டு தடவை. ஒரு தடவைக்குச் சீனி 8 கிராம் என்றால் 1.7 கிலோ, 2 கிலோ வாங்கலாம். தேயிலை 2 கிராம் வீதம் 400 கிராம். பால்மாவுக்கு மன்னார் அக்காவின் 27ஐக் கழித்தால் 78 வரும். காலையில் மட்டும் பால் தேத்தண்ணி, ஒரு தடவைக்கு 10 கிராம், அதாவது கூம்பிய ஒரு மேசைக்கரண்டி. 780 கிராம், 400 கிராம் பைக்கற் இரண்டு.

இவ்வளவு பெருக்கலையும் செய்தியில் போட வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் பத்துக் கிலோ?" என்று கேட்பவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

4. மாதத்துக்கு வாங்குவதையும் கிழமைக்கு வாங்குவதையும் பிரியுங்கள்

எல்லாவற்றையும் முதலாம் திகதியே வாங்கிவிட்டால் மலிவு என்று தோன்றும். யாழ்ப்பாண வெக்கையில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் அது உண்மையல்ல. அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பால்மா, தூள், எண்ணெய், உப்பு ஆகியவை மூடி இறுகிய டப்பாவில் ஒரு மாதம் தாங்கும். மா தாங்கும், ஆனால் வறுத்த மாவைச் சூடு ஆறும் முன் மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பூஞ்சணமும் வரும்.

தேங்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு, மரக்கறி, முட்டை ஆகியவற்றைத் திருநெல்வேலிச் சந்தையில் கிழமைக்கு ஒருமுறை வாங்குங்கள். தேங்காய் கிழமைக்கு ஐந்து. உடைத்த பிறகுதான் பிரச்சினை: அன்றிரவு பாதி போதுமென்றால் மற்றப் பாதி அடுத்த நாள் வரை நிற்க வேண்டும். கண்ணுள்ள பாதி முதலில் பழுதாகும். ஆகவே உடைத்த அன்று கண்ணுள்ள பாதியைத் துருவி, கண்ணில்லாத பாதியில் உப்புத் தடவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த நாள் துருவ முன் மணந்து பாருங்கள். வழுவழுப்போ புளித்த மணமோ இருந்தால் அதைப் பாலுக்குப் பாவிக்க வேண்டாம், சொதி முழுவதும் பழுதாகிவிடும்.

இந்தப் பிரிப்பால் காசுப் பக்கத்திலும் உதவி உண்டு. மகாபொலவை நம்பியிருப்பவருக்கும் வீட்டிலிருந்து காசு வருபவருக்கும் கையில் பணம் வரும் நாள் ஒன்றல்ல. முழுத்தொகையையும் முதலாம் திகதியே கேட்டால் ஒருவர் வெட்கப்பட்டுக் கடன் வாங்குவார். மாதச் சாமானுக்கு ஒரு தொகை, பிறகு கிழமைக் காசு என்று பிரித்தால் அந்த நெருக்கடி குறையும்.

5. காசை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இங்கேதான் அதிக மனஸ்தாபம் வரும். மொத்தத்தை நாலால் பிரிப்பது சுலபம், ஆனால் எல்லாச் சாமானும் ஒரே மாதிரிச் செலவாவதில்லை.

முதற் குவியல் கோப்பையோடு கூடிக் குறைவது: அரிசி, மா, பருப்பு, தேங்காய், எண்ணெய், தூள், வெங்காயம், சீனி, தேயிலை. இதைக் கோப்பைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். இரண்டாவது, யார் நின்றாலும் போனாலும் தேவைப்படுவது: உப்பு, கோப்பை கழுவும் சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, விடுதிக் கட்டணத்தில் அடங்காவிட்டால் காஸ். இது நாலு சமபங்கு. காஸும் சமைக்கும் நாளோடு கூடும் என்று ஒருவர் வாதிக்கலாம். இருவருக்குச் சோறு வைத்தாலும் நால்வருக்கு வைத்தாலும் அடுப்பு எரியும் நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை, ஆகவே சமபங்கே நியாயம். மூன்றாவது, சிலர் மட்டும் பாவிப்பது: பால்மா. அதைக் குடிப்பவர்கள் மட்டும் பங்கிட வேண்டும்.

விலை நாளுக்கு நாள் மாறும். கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்காக வைத்த தொகைகள், உங்கள் கடை விலையைக் கேட்டு மாற்றுங்கள். முதற் குவியல் 10,500 ரூபா என்றால் 105 கோப்பைக்கு, கோப்பை ஒன்று 100 ரூபா. இரண்டாவது 1,200 ரூபா, ஆளுக்கு 300. பால்மா 2,340 ரூபா, 78ஆல் பிரித்தால் நாளுக்கு 30.

மட்டக்களப்பு: 3,000 + 300 + 900 = 4,200 ரூபா.
முல்லைத்தீவு: 2,600 + 300 + 780 = 3,680 ரூபா.
வவுனியா: 2,200 + 300 + 660 = 3,160 ரூபா.
மன்னார் அக்கா: 2,700 + 300 = 3,000 ரூபா.

கூட்டினால் 14,040. கூட்டுத்தொகை மூன்று குவியலின் மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். செய்தியில் ஐம்பது ரூபா பிழைத்தாலும் பிறகு முழுக் கணக்கையும் சந்தேகிப்பார்கள்.

சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 3,510. அப்படியென்றால் மன்னார் அக்கா தான் குடிக்காத பால்மாவுக்கும் சாப்பிடாத இரவுகளுக்கும் சேர்த்து 510 ரூபா கூடுதலாகக் கட்டுகிறார். மறுபக்கம், மட்டக்களப்புப் பிள்ளைக்கு இந்தப் பிரிப்பால் 690 ரூபா கூடுகிறது. தூரத்தால் வீட்டுக்குப் போக முடியாதவர் அவர். இந்தத் தொகையை அவர் முதன்முதலாகக் குழுவில், மற்ற இருவரின் முன்னால் பார்க்கக் கூடாது. முதல் நாளே பக்கத்தில் இருந்து கணக்கைக் காட்டுங்கள். பாரம் என்று சொன்னால் பால்மாவின் அளவைக் குறைப்பதா, கட்டும் நாளைத் தள்ளுவதா என்று இருவருமாகப் பேசலாம். எழுதுபவரின் பங்கும் 170 ரூபா கூடியிருப்பதால் இந்தக் கணக்கைச் சொல்வது அவருக்குச் சற்றுச் சுலபம். உங்கள் பங்கு மட்டும் குறைகிற பிரிப்பை நீங்களே முன்மொழிய நேர்ந்தால், இன்னொருவரைக் கணக்குப் பார்க்கச் சொல்லி அவர் வாயால் சொல்ல விடுங்கள்.

வீட்டிலிருந்து வரும் சாமானுக்கும் இங்கேயே முடிவு எடுக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து வரும் அரை கிலோ தூளைக் கடை விலைக்கு எடுத்து அவருடைய பங்கில் கழிப்பதா, அன்பாகத் தந்தது என்று விடுவதா? இரண்டும் சரிதான். சொல்லாமல் விட்டால் மட்டும் மூன்றாம் மாதத்தில் "நான்தானே ஒவ்வொரு முறையும் தூள் கொண்டுவாறன்" என்று வரும்.

6. செய்தியை எந்த ஒழுங்கில் எழுதுவது

எந்தச் சாப்பாட்டுக்கான கணக்கு என்பது முதலில் வர வேண்டும். அடுத்து ஆளாளின் இரவுகள், பிறகு சாமான், பிறகு காசு, கடைசியில் என்ன பதில் எப்போதைக்கு வேண்டும் என்பது. காசை முதலில் எழுதினால் வாசிப்பவர் அந்த எண்ணிலேயே நின்றுவிடுவார். தான் சொன்ன திகதியை முதலில் கண்டவர், தொகை ஏன் அப்படி வந்தது என்பதைத் தானே விளங்கிக்கொள்வார்.

வட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்புங்கள். துண்டு துண்டாக வந்தால் நடுவில் பதில்கள் புகுந்து கணக்கு மேலே போய்விடும். மாதிரி இப்படி:

அக்கா, பிள்ளையள்,
வாற மாதத்துச் சாமானுக்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறன். பிழை இருந்தா சொல்லுங்கோ, மாத்துவம்.

இது இரவுச் சாப்பாட்டுக்கும் ரெண்டு நேரத் தேத்தண்ணிக்கும் மட்டும். மத்தியானம் வழமை போல கன்ரீன்.

நீங்கள் சொன்ன திகதிப்படி இரவுக் கணக்கு: மட்டக்களப்பு 30, மன்னார் அக்கா 27, நான் 26, வவுனியா 22. மொத்தம் 105.

மாதத்துக்கு ஒருக்கா: அரிசி 10 கிலோ, அரிசிமா 2, அவிச்ச கோதுமை மா 1, பருப்பு 2, சீனி 2 கிலோ, தேயிலை 400 கிராம், தூள் 500 கிராம், எண்ணெய் 1 லீற்றர், பால்மா 2 பைக்கற், உப்பு, சவர்க்காரம்.
கிழமைக்கு ஒருக்கா: தேங்காய் 5, வெங்காயம் முக்கால் கிலோ. மரக்கறி, முட்டைக் காசு இதில சேர்க்கேல்லை, அந்தந்தக் கிழமை நிக்கிற ஆக்கள் போடுவம்.

காசு: சாப்பாட்டுச் சாமான் இரவுக்கு 100 ரூபா. உப்பு, சவர்க்காரம், காஸ் ஆளுக்கு 300. பால்மா குடிக்கிற ஆக்களுக்கு மட்டும் நாளுக்கு 30.
மட்டக்களப்பு 4,200, நான் 3,680, வவுனியா 3,160, மன்னார் அக்கா 3,000.
இதில ஆளுக்கு 750 ரூபாவைப் பிடிச்சு வைச்சுக் கிழமைக்குக் கிழமை பிரிச்சுத் தாங்கோ, மிச்சத்தை 1ஆம் திகதிக்குள்ள தந்தாப் போதும்.

வீட்டில இருந்து ஏதும் கொண்டு வந்தா கடை விலைக்குக் கழிப்பம். சம்மதமோ?

திகதி, சாமான், காசு மூண்டிலயும் எது மாத்த வேணும் எண்டு வியாழன் இரவுக்குள்ள சொல்லுங்கோ. வெள்ளி பின்னேரம் நானும் அக்காவும் கடைக்குப் போறம்.

கிழமைக்கு வாங்கும் தேங்காய்க்கும் வெங்காயத்துக்குமாக 3,000 ரூபா இந்தக் கணக்கில் போகிறது. ஆளுக்கு 750 கிழமைக் காசாகப் பிரித்தது அதனால்தான். "எல்லாருக்கும் ஓகேயா?" என்று கேட்காமல் மூன்று விஷயத்தைப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பதையும் கவனியுங்கள். ஓகேயா என்று கேட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வரும், வாசித்தார்களா என்று தெரியாது.

7. மாதம் ஓடும்போது கணக்குப் பிழைக்கும் இடங்கள்

சமையலறைச் சுவரில் நாட்காட்டி ஒன்றை மாட்டி, சாப்பிட்ட இரவுக்கு அவரவர் புள்ளி போட வேண்டும். ஒருவர் வரவில்லை என்று பின்னேரம் நாலு மணிக்கு முன் சொன்னால் அந்தக் கோப்பை கழிக்கப்படும். பிறகு சொன்னால் கழிக்க முடியாது, அரிசி உலையில் போயிருக்கும். விருந்தாளி வந்தால் அழைத்தவரின் பெயரில் ஒரு புள்ளி.

வவுனியாப் பிள்ளை ஒரு கிழமை வீட்டுக்குப் போகாமல் நின்றால் 22 இரவு 24 ஆகும். அதற்காக முழுக் கணக்கையும் திரும்பப் பிரிக்கத் தேவையில்லை. கோப்பைக்கு 100 ரூபா என்பதை மாதம் முழுக்க மாற்றாமல், அவர் 200 ரூபாவையும் குடித்த பால்மாவுக்கு 60 ரூபாவையும் பொதுப் பேணியில் போட்டால் போதும். குறைந்தவருக்கு அடுத்த மாதப் பங்கில் கழியுங்கள், சாமான் எப்படியும் மிஞ்சித்தான் இருக்கும்.

அரிசி டப்பாவின் வெளியே மூன்று கோடு போடுங்கள். 10ஆம் திகதி மூன்றில் ஒன்றுக்கு மேல் இறங்கியிருந்தால் யாரோ சுண்டைக் கூம்ப அளக்கிறார்கள், அல்லது "ஒரு கை" கூடப் போடுகிறார்கள். ஓர் இரவுக்கு அரைச் சுண்டு கூடினால் மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடிவிடும். யார் என்று தேட வேண்டாம், சுண்டைத் தலைதட்ட ஒரு தட்டைக் குச்சியை டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

மாதக் கடைசி இரவு மிச்சத்தை நிறுத்து எழுதி, அடுத்த மாதப் பட்டியலில் கழித்த பிறகே புதிய செய்தியை அனுப்புங்கள். கடைச் சிட்டைகளைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதும் அன்றைக்கே. இரண்டு நாள் தாண்டினால் சிட்டையும் தொலையும், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதும் மறக்கும். பரீட்சை லீவு வரும் மாதமென்றால் பத்தாயிரம் ரூபாச் சாமானுக்கு ஆள் இருக்காது. அரிசியை ஐந்து கிலோவாகக் குறைத்து, மாவை அரைக் கிலோச் சரையாக வாங்குங்கள்.